சின்னத் திரையில் தமிழ்: புள்ளி எங்கே போனது?

கேள்வி: துணி துவைக்கும் இயந்திரம் ஒன்றின் திரைச் செய்திகளைத் தமிழாக்குகிறோம். திரை 128×32 பிக்சல், இரண்டு வரி. 16 எழுத்துக்குள் இருக்க வேண்டும் என்று மொழிபெயர்ப்பாளரிடம் சொல்லியிருந்தோம், அதற்குள்தான் கொடுத்தார். ஆனால் 'கதவை மூடவும்' என்பது 'கதவை மூடவும' என்று வருகிறது. 'வேகம்' என்பதில் இரட்டைக்கொம்பு வகரத்துக்குப் பின்னால் நிற்கிறது. எழுத்துருவை மாற்றினால் சரியாகுமா?

பதில்: ஆகாது. இரண்டும் தனித்தனிக் கோளாறுகள், இரண்டுமே எழுத்துருவால் வந்தவை அல்ல.

முதலில் புள்ளி. UTF-8 குறியேற்றத்தில் தமிழின் ஒவ்வொரு குறியும் 3 பைட். உயிர்மெய்யில் மெய் ஒரு குறி, அதன் மேல் வரும் கொம்போ சுழியோ இன்னொரு குறி, புள்ளியும் தனிக் குறி. 'கதவை மூடவும்' நம் கணக்கில் ஏழு எழுத்து. கணினிக்கு அது 11 தமிழ்க் குறியும் ஓர் இடைவெளியும், ஆக 34 பைட். உங்கள் நிரலில் செய்திக்கு 32 பைட் ஒதுக்கியிருப்பார்கள். முடிவைக் குறிக்கும் பூச்சியத்துக்கு ஒன்று போக மீதி 31. சரியாகக் கடைசிப் புள்ளி மட்டும் வெட்டுப்படுகிறது.

இது கண்ணில் பட்டது நல்லது. 'நீர் நிரப்பவும்' 43 பைட். அதே இடத்தில் வெட்டினால் 'நீர் நிரப்ப' என்று நிற்கும். பிழையே இல்லாதது போல் இருப்பதால் சோதிப்பவர் தாண்டிப் போய்விடுவார். 'நிரப்புக' என்று சுருக்கினாலும் 37 பைட், அப்போதும் பிடிக்காது. எனவே சொல்லைச் சுருக்குவதற்கு முன் ஒதுக்கீட்டைக் குறைந்தது 64 பைட்டாக்குங்கள்.

அடுத்து கொம்பு. ே என்ற குறி சேமிப்பில் மெய்க்குப் பின்னால்தான் இருக்கும். அதை முன்னால் கொண்டுவந்து வரைவது எழுத்து வடிவமைப்பு நிரலின் வேலை. சிறு கட்டுப்பாட்டுச் சில்லில் பெரும்பாலும் அது இருக்காது. கு, கூ, து, தூ போன்றவற்றின் தனி வடிவங்களும் அதனால்தான் கிடைப்பதில்லை.

அதைச் சில்லுக்குள் திணிக்க முயல வேண்டாம். ஒவ்வொரு செய்தியையும் கணினியிலேயே முழுப் படமாக வரைந்து, படத்தை நினைவகத்தில் வையுங்கள். 128×16 பிக்சல் வரி ஒன்றுக்கு 256 பைட், 40 வரிக்கு 10 கிலோபைட். இப்படிச் செய்தால் பைட் வெட்டும் தானே ஒழியும். மாறும் எண்களுக்கு மட்டும் பத்து இலக்கங்களைத் தனிப் படங்களாக வைத்தால் போதும். '23 நிமிடம்' என்பதில் எண் முன்னால் வருவதால் வரியின் இடப்பக்கம் இரண்டு இலக்கத்துக்கு இடம் விடுங்கள். எண்ணுக்குப் பின் 'நிமிடங்கள்' தேவையில்லை. 'நிமிடம்' என்பதே இயல்பான தமிழ், இரண்டெழுத்து மிச்சம்.

மொழிபெயர்ப்பாளருக்குத் தர வேண்டிய வரம்பு எழுத்து எண்ணிக்கை அல்ல, அகலம். ரகரத்தையும் ணையையும் ஒரே அளவாக எண்ணுவதில் பொருளில்லை. ஓரம் போக 120 பிக்சல் என்று வைத்துக்கொண்டு, இதை ஓட்டி அளக்கச் சொல்லுங்கள்:

```python
from PIL import ImageFont, features
assert features.check("raqm")
f = ImageFont.truetype("NotoSansTamil-Regular.ttf", 13)
print(f.getlength("நீர் நிரப்புக"))
```

இரண்டாவது வரியை விட்டுவிடாதீர்கள். raqm என்ற எழுத்து வடிவமைப்பு நிரல் இல்லாத கணினியில் கொம்பு அங்கேயும் இடம் மாறியே வரையப்படும், அளவும் தப்பும்.

சுருக்கும்போது முதலில் கைவைக்க வேண்டியது வினைமுடிவில். '-வும்' இடத்தில் '-க' போட்டால் மரியாதை குறையாது, இடம் குறையும்: மூடுக, நிரப்புக. 'மூடு' இன்னும் சின்னது, ஆனால் வீட்டுப் பெரியவரை இயந்திரம் அதட்டுவது போலாகும். 'வடிகட்டியைச் சுத்தம் செய்யவும்' ஒரு வரியில் நிற்காது. மேல் வரியில் 'வடிகட்டி அடைப்பு', கீழே 'சுத்தம் செய்க' என்று பிரியுங்கள். பொருளின் பெயரை ஒட்டவைத்து '%s-ஐ மூடுக' என்று செய்தி கட்டவே கூடாது. 'கதவு-ஐ' என்று வந்து நிற்கும். முழுச் செய்தியாகவே எழுதி வையுங்கள்.

கடைசியாக, படத்தை உண்மையான திரையில், கைநீட்டும் தூரத்தில் பாருங்கள். 16 பிக்சல் உயரத்தில் 'நீர்' என்பதன் சுழி அடைந்துபோய் 'நிர்' ஆவதும், 'வேகம்' 'வெகம்' ஆவதும் சகஜம். புள்ளிக்கும் எழுத்தின் தலைக்கும் நடுவே ஒரு வரிசை பிக்சலாவது அணைந்திருக்க வேண்டும். இல்லையென்றால் அந்தப் படத்தில் ஒன்றிரண்டு பிக்சலைக் கையாலேயே திருத்திவிடுங்கள். நாற்பது படம்தானே, ஒரு பிற்பகல் வேலை.