ஓடும் தலைப்பில் ‘ண’வின் சுழிகள் கரையாமல் இருக்க

கேள்வி: எங்கள் கேரம் மன்ற ஆட்டங்களை வீடியோவாக வெளியிடுகிறோம். தொடக்கத்தில் ‘வண்ணாரப்பேட்டை கேரம்’ என்ற பெயர் ஸ்ட்ரைக்கர் போலத் திரையின் குறுக்கே பாய்ந்து வரும். நின்ற பிறகு அழகாக இருக்கிறது. ஓடும்போது ஒன்றும் படிக்க முடியவில்லை. எந்த எழுத்துரு நல்லது?

பதில்: Mukta Malar அல்லது Noto Sans Tamil எடுத்துக்கொள்ளுங்கள், தடிமன் SemiBold அல்லது Bold. இரண்டும் இலவசம். ஆனால் எழுத்துருவை மட்டும் மாற்றினால் பாதி வேலைதான் முடியும்.

உங்கள் ஊர்ப் பெயரே நல்ல சோதனைச் சொல். ‘ண்’ணும் ‘ணா’வும் அடுத்தடுத்து வருகின்றன. ‘ண’வுக்கு மூன்று சுழி, ‘ன’வுக்கு இரண்டு, ஒன்று கரைந்தாலும் பேட்டை ‘வன்னார’ப்பேட்டை ஆகிவிடும். அடுத்து, துணைக்காலை ஒட்டியே ‘ர’ நிற்கிறது. ‘ர’வின் அடிக்கால் அடிக்கோட்டுக்குக் கீழே நன்றாகச் சாய்ந்து இறங்காத எழுத்துருவில் இரண்டு கால்கள் நிற்பதுபோலவே தெரியும். ஆகவே எழுத்துருப் பட்டியலை மேலிருந்து கீழே உருட்டி அழகு பார்க்காதீர்கள். ‘ண்ணார’ என்று மட்டும் தட்டச்சு செய்து பாருங்கள். மிகத் தடித்த Black வகையை நாடுவது பலர் செய்யும் தவறு. அதில் சுழிகளின் உள்வெளி அடைந்துபோய், ஓடும்போது ‘ண’ ஒரு கறையாகிவிடும்.

இனி வேகம். 1920 பிக்சல் அகலத்தை அரை நொடியில், நொடிக்கு 24 சட்டகம் என்ற கணக்கில் கடந்தால், ஒரு சட்டகத்துக்கு 160 பிக்சல் நகர்வு. அசைவை மங்கலாக இழுத்துக் காட்டும் மோஷன் பிளர் வழக்கமான பாதி ஷட்டரில், அதாவது சட்டக நேரத்தில் பாதி மட்டும் பதியும்படி இருந்தால், 80 பிக்சல் இழுவை. எழுத்தின் நிமிர்ந்த கோடு 16 பிக்சல் தடிமன் என்றால் அதன் நிறம் ஐந்தில் ஒரு பங்காக வெளிறிவிடும். 24 பிக்சலுக்குத் தடித்தாலும் மூன்றில் ஒரு பங்குகூடத் தேறாது.

கிடையாக ஓடும்போது கரைவது நிமிர்ந்த கோடுகள்தான். உங்கள் சொல்லோ காலும் சுழியுமாக அவற்றாலேயே நிற்கிறது. எனவே ஸ்ட்ரைக்கர் படத்தைக் குறுக்கே ஓடவிடுங்கள். பெயரை மேலிருந்து 200 பிக்சல் மட்டும் இறக்குங்கள். புள்ளிகள் சற்று நீளும், ‘ப’வின் அடிக்கோடு மங்கும்; ஆனால் தூரம் குறைவென்பதால் வேகமும் குறையும். கடைசிப் பத்துச் சட்டகங்களில் ஒவ்வொரு சட்டகத்தின் நகர்வும் கோட்டின் தடிமனைத் தாண்டாதபடி வேகத்தைத் தணித்து, நின்றபின் இரண்டு நொடி அசையாமல் வையுங்கள்.

எழுத்தெழுத்தாக விழும் அசைவு வேண்டாம். சில மென்பொருள்களில் புள்ளியும் துணைக்காலும் தனித்தனியாக உதிரும், பார்க்கவே வேதனை. சொல் முழுவதையும் ஒன்றாக நகர்த்துங்கள்.

முடித்ததும், பெயர் இறங்கும் பாதியில் ஒரு சட்டகத்தைப் படமாக எடுத்து, பேட்டையைத் தெரியாத ஒருவருக்குக் கைபேசியில் அனுப்புங்கள். அவர் ‘வன்னார’ என்று படித்தால் தடிமனை ஒரு படி இறக்கிச் சுழிகளைத் திறந்துவிடுங்கள்; ஒன்றுமே படிக்க முடியவில்லை என்றால் வேகத்தைக் குறையுங்கள்.