மகள் ரிசைன் பண்ண வேணாம், செகண்ட்மென்ட்ட மட்டும் முடிக்கட்டும்

அம்மா, ஒங்க மெசேஜ் வாசிச்சேன். மகள் ஹட்டன்ல ஒரு நிறுவனத்துல நாலு வருஷமா வேல செய்றா, அவங்கதான் ஒரு வருஷத்துக்குன்னு பதுளையில இருக்கிற இன்னொரு நிறுவனத்துக்கு செகண்ட்மென்ட்ல அனுப்பினாங்க, அஞ்சு மாசம் போயிருச்சு, இப்ப அப்பாவ கிழமைக்கு ரெண்டு நாள் டயலிசிஸுக்கு கூட்டிட்டுப் போக வீட்டுல ஆள் இல்ல. அதனால "பதுளை வேலய ரிசைன் பண்ணிட்டு வந்துரு"ன்னு சொல்லியிருக்கீங்க. தயவுசெஞ்சு அந்த ரிசைன்ங்கிற சொல்ல அவ எந்த லெட்டர்லயும் எழுதவே கூடாது.

ஏன்னா பதுளையில இருந்தாலும் அவளோட முதலாளி ஹட்டன்காரங்கதான். பதுளைக்கு "ரிசைன் பண்றேன்"னு எழுதினா அந்த லெட்டர் ஹட்டன் எச்ஆருக்குப் போகும், அவங்க மொத்த வேலையையும் விட்டுட்டான்னு எடுத்துக்க எடமிருக்கு. எனக்குத் தெரிஞ்ச ஒரு தம்பி இப்படி ஒரு வரி எழுதிட்டு, அத சரிபண்ண ரெண்டு மாசம் சம்பளம் இல்லாம அலைஞ்சான். அதோட பணிக்கொடையும் இருக்கு. 1983ஆம் ஆண்டுச் சட்டப்படி 15 பேருக்குக் கொறயாம வேல செய்ற நிறுவனத்துல 5 வருஷம் முடிச்சாத்தான் அது கெடைக்கும், வருஷத்துக்கு அரை மாசச் சம்பளம். நாலாவது வருஷத்துல சேவை அறுந்துட்டா அது முழுசாப் போயிரும்.

மொதல்ல செகண்ட்மென்ட் அக்ரிமென்ட்ட எடுத்துப் பாக்கச் சொல்லுங்க. நோட்டிஸ் எத்தன நாள், யாரு முடிக்கலாம், திரும்பி வந்தா எந்தப் பதவி, இந்த மூணும்தான் முக்கியம். நீங்க ஒரு மாச நோட்டிஸ்னு சொன்னீங்க. அந்த அக்ரிமென்ட் ரெண்டு நிறுவனமும் போட்டது, அதனால ஹட்டனுக்கு எழுதுறது வேண்டுகோள், பதுளைக்கு எழுதுறது அறிவிப்பு. லெட்டருக்கு முந்தியே ஹட்டன் மேலதிகாரிகிட்ட போன்ல பேசட்டும். அவ எடத்துல ஒரு வருஷ கொன்ட்ராக்ட்ல வேற ஆள எடுத்திருந்தா பழைய மேசையே கெடைக்கும்னு சொல்ல முடியாது, அதே தரத்துல வேற வேல குடுக்கலாம். பதவி, எடம், சம்பளம், சேர்ற தேதி, இத ஈமெயில்ல வாங்கினதுக்கப்புறம்தான் பதுளைக்கு லெட்டர்.

ஹட்டனுக்கு இப்படி எழுதலாம்:

"தங்கள் நிறுவனத்திலிருந்து பதுளைக்கு செகண்ட்மென்ட் அடிப்படையில் அனுப்பப்பட்ட நான், தந்தையாரின் தொடர் சிகிச்சை காரணமாக அதனை ஒக்டோபர் 31ஆம் திகதியுடன் நிறைவுசெய்து, நவம்பர் 3ஆம் திகதி எனது சொந்தப் பணிக்குத் திரும்ப அனுமதி கோருகிறேன். எனது சேவை தொடர்ச்சியாகக் கணிக்கப்படும் என்பதை எழுத்தில் உறுதிப்படுத்தித் தருமாறு கேட்டுக்கொள்கிறேன்."

பதுளைக்கு:

"எனது தாய் நிறுவனத்தின் சம்மதத்துடன், ஒரு மாத முன்னறிவித்தல் வழங்கி, ஒக்டோபர் 31ஆம் திகதி எனது செகண்ட்மென்ட் நிறைவடைகிறது என அறியத்தருகிறேன். பொறுப்புகளை ஒக்டோபர் 24ஆம் திகதிக்குள் ஒப்படைப்பேன். விடுவிப்புக் கடிதம் தந்துதவவும்."

ரெண்டுலயும் ஒரே கடைசித் தேதி, ஒண்ணோட பிரதி மத்தவங்களுக்கு. 31 வெள்ளி, 3 திங்கள், நடுவுல வேல நாள் எதுவும் விழாது. ஒரு பக்கம் ஒக்டோபர் 31, மறுபக்கம் நவம்பர் 10ன்னு போட்டுட்டா அந்த நாட்களுக்குச் சம்பளம் யார் குடுக்கிறதுன்னு ரெண்டு பேரும் கைய விரிச்சிருவாங்க. அப்பாவோட வருத்தத்த ஒரு வரியில சொன்னா போதும், பதுளையில வேல கஷ்டம், மேலதிகாரி சரியில்லன்னு ஒண்ணும் சேக்க வேணாம், அது அவ ஃபைல்லயே கெடக்கும்.

பதுளைக்காரங்க "புது ஆள் வர்ற வரைக்கும் இரு"ன்னு கேக்கலாம், அது நியாயமான கேள்விதான். ஆனா வாயால சரின்னு சொல்லிறக் கூடாது, எத்தனாந் தேதி வரைக்கும்னு ஹட்டன் எழுதித் தரணும். அதே மாதிரி அவங்க இழுத்தடிக்கிறாங்கன்னு இவளா போகாம நின்னுறவும் கூடாது, அப்படி நின்னா வேலய விட்டுட்டுப் போனதா கணக்கெடுப்பாங்க.

வெளியில வர்றப்ப லெப்டொப், அட்வான்ஸ் கணக்கு எல்லாம் குடுத்து கையெழுத்து வாங்கணும். விடுவிப்புக் கடிதத்துல கடைசி நாளும் அங்க எடுத்த லீவும் இருக்கணும். பதுளையில இருந்த எல்லா மாசத்துக்கும் ஈபிஎஃப் அவளோட 8 வீதமும் நிறுவனத்தோட 12 வீதமும், ஈடிஎஃப் 3 வீதமும் யாரு கட்டினாங்கன்னு மாசம் மாசமா பாக்கணும், ஒருத்தர் கட்டுவார்னு மத்தவர் நெனச்சு விட்டுப்போன மாசங்கள நான் கண்டிருக்கேன். பதுளை அலவன்ஸ் நவம்பர்ல நிக்கும், மருந்துச் செலவ அத வெச்சு கணக்குப் போட்டுறாதீங்க.

லெட்டர் குடுக்க முந்தி ரெண்டு ட்ராஃப்டையும், அக்ரிமென்ட்ல நோட்டிஸ் பத்தி இருக்கிற பக்கத்தோட போட்டோவையும் எனக்கு அனுப்பச் சொல்லுங்கம்மா.