டேங்க் கழுவுகிறார்கள் என்றால் வீட்டுக்குள் விட வேண்டுமா?

கேள்வி: எங்கள் அடுக்குமாடிக் குடியிருப்பில் வரும் ஞாயிற்றுக்கிழமை மொட்டை மாடி டேங்க்கையும் சம்ப்பையும் கழுவப் போகிறார்களாம். "பணியாளர்கள் எல்லா வீடுகளுக்குள்ளும் வருவார்கள், ஒத்துழைப்பு தரவும். வெளியூர் செல்பவர்கள் சாவியை வாட்ச்மேனிடம் கொடுக்கவும்" என்று லிஃப்ட் அருகே நோட்டீஸ் ஒட்டியிருக்கிறார்கள். நான் தனியாக இருப்பவள். அன்று ஊரிலும் இருக்க மாட்டேன். டேங்க் மாடியில் இருக்கும்போது என் வீட்டுக்குள் என்ன வேலை? சாவியைக் கொடுக்கலாமா?
- ஒரு வாசகி, சென்னை

பதில்: சாவியைக் கொடுக்க வேண்டாம் அம்மா. செக்ரட்டரியிடம் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: "என் வீட்டில் எந்த வால்வுக்காக வருகிறார்கள்?" பதில் வந்தால் மேலே பேசலாம். "எல்லா வீட்டுக்கும் போவார்கள், வழக்கம்தான்" என்றால் அவருக்கே தெரியவில்லை என்று அர்த்தம்.

வால்வு ஏன் முக்கியம் என்றால், டேங்க்கின் அடியில் சேறு படிந்திருக்கும். வீடுகளுக்கு இறங்கும் குழாயின் வாய் அதற்குச் சற்று மேலேதான் இருக்கும். பிரஷ் போட்டுத் தேய்க்கும்போது அந்தச் சேறு கலங்கி, குழாய் திறந்திருந்தால் நேராக உங்கள் பாத்ரூமுக்கு இறங்கிவிடும். அதனால் தேய்க்கும் முன்பு இறங்கு குழாய்கள் எல்லாவற்றையும் மூட வேண்டும். மூடும் வால்வுகள் மொட்டை மாடியிலேயே, டேங்க்கை ஒட்டி இருக்கும். அவை ஒழுங்காக வேலை செய்தால் யாரும் யார் வீட்டுக்குள்ளும் வரத் தேவையில்லை.

சிக்கல், அந்த வால்வுகள் வேலை செய்யாத இடத்தில்தான். மடிப்பாக்கத்தில் 18 வீடுகள் உள்ள ஒரு குடியிருப்பில் இதே போன்ற நோட்டீஸைப் பார்த்துவிட்டு நானே மாடிக்கு ஏறினேன். டேங்க்கிலிருந்து ஆறு குழாய்கள் இறங்கின. ஒவ்வொன்றும் மேலும் கீழுமாக மூன்று வீடுகளுக்கு. நான்கு வால்வுகள் கையால் திருகினாலே மூடின. இரண்டு துருப்பிடித்து அசையவே இல்லை. ஆக, உள்ளே போய் வால்வை மூட வேண்டியது அந்த இரண்டு லைனில் உள்ள ஆறு வீடுகளில் மட்டும். மீதிப் பன்னிரண்டு வீட்டுக்காரர்கள் ஞாயிற்றுக்கிழமை காலைத் தூக்கத்தைக் கெடுத்துக்கொள்ள வேண்டியதே இல்லை. மாடி ஏறி ஆறு வால்வைத் திருகிப் பார்க்க எனக்கு இருபது நிமிடம்தான் ஆனது. அதைச் செய்யச் சோம்பேறித்தனப்பட்டுத்தான் "எல்லா வீடுகளுக்குள்ளும்" என்று எழுதுகிறார்கள். வருடா வருடம் டேங்க் கழுவப் பணம் வசூலிப்பவர்களுக்கு, எந்தக் குழாய் எந்த வீட்டுக்குப் போகிறது என்று சுவரில் பெயின்ட்டில் எழுதி வைக்க மட்டும் நேரம் கிடைப்பதில்லை.

உங்கள் வீடு அப்படி மாடி வால்வு மூடாத லைனில் இருந்தால், கிளம்பும் முன்பு உங்கள் வீட்டு மெயின் வால்வை நீங்களே மூடிவிட்டுப் போங்கள். பெரும்பாலும் பாத்ரூம் மேல் மூலையிலோ சமையலறை சிங்க்குக்கு அடியிலோ இருக்கும். எல்லாக் குழாய்களிலும் தண்ணீர் நின்றால் சரியாக மூடியிருக்கிறீர்கள். செக்ரட்டரிக்கு "மூடிவிட்டேன்" என்று ஒரு மெசேஜ் போதும்.

இதில் ஒரு விஷயம். பல வருடமாகத் தொடாத பழைய பித்தளை கேட் வால்வாக இருந்தால் கை வைக்காதீர்கள். சக்கரம் போன்ற கைப்பிடி இருந்தால் அது பெரும்பாலும் கேட் வால்வுதான். அதன் உள்ளே ஒரு தகடு மேலும் கீழும் போகும். நாள்பட்டதில், மூடித் திறக்கும்போது தகடு தண்டிலிருந்து கழன்றுவிடலாம். அப்புறம் கைப்பிடி சும்மா சுற்றிக்கொண்டே இருக்கும், திறக்கவே திறக்காது. ஊரிலிருந்து திரும்பினால் வீட்டில் சொட்டுத் தண்ணீர் இருக்காது. டேங்க் கழுவ வந்த பையன் ரெஞ்ச் போட்டு முறுக்கினாலும் இதே கதைதான். உடைந்த பிறகு "ஏற்கெனவே போயிருந்தது சார்" என்பார்கள். அதனால் உங்களுக்குப் பழக்கமான பிளம்பரை இந்த வாரமே வரவழைத்துத் திருகிப் பார்க்கச் சொல்லுங்கள். இழுவையாக இருந்தால், கால் திருப்பில் மூடும் பால் வால்வாக மாற்றிவிடுங்கள். கைப்பிடி குழாயோடு நேராக இருந்தால் திறப்பு, குறுக்காக இருந்தால் மூடல். பார்த்தாலே தெரியும்.

சரி, வால்வுக்கு அவசியமே இல்லாத வீடுகளுக்குள்ளும் ஏன் போகத் துடிக்கிறார்கள்? பாதி இடங்களில் கழுவும் கூட்டத்தோடு டை கட்டிய ஒருவரும் வருவார். "தண்ணீர் டெஸ்ட் ஃப்ரீ மேடம்" என்பார். அவர் ஃபில்டர் விற்பவர். நோட்டீஸ் அவருக்கு நுழைவுச் சீட்டு. உங்கள் குழாய்த் தண்ணீர் ஒரு டம்ளர், அவர் ஃபில்டர் தண்ணீர் ஒரு டம்ளர் வைத்து, நான்கு கம்பிகள் நீட்டிக்கொண்டிருக்கும் பெட்டியை அவற்றில் இறக்கி ஸ்விட்ச் போடுவார். ஒரு நிமிடத்தில் உங்கள் தண்ணீர் செங்கல் நிறத்தில் குழம்பிவிடும். அவருடையது தெளிவாகவே இருக்கும். "பாருங்க, டேங்க் கழுவியும் இவ்வளவு அழுக்கு!"

அழுக்கு தண்ணீரில் இல்லை, அந்தக் கம்பியில். தண்ணீரில் உப்பு இருந்தால் மின்சாரம் ஓடும். ஓடினால் இரும்புக் கம்பி கரைந்து துருவாகிறது. ஆர்ஓ ஃபில்டர் தண்ணீரில் உப்பு குறைவு, அதனால் மின்சாரம் அவ்வளவாக ஓடுவதில்லை, நிறமும் மாறுவதில்லை. அவருடைய டம்ளரில் ஒரு சிட்டிகை சமையல் உப்பைப் போட்டு மறுபடி ஸ்விட்ச் போடச் சொல்லுங்கள். அதுவும் அதே நிறத்தில் குழம்பும். பேனா மாதிரி இருக்கும் டிடிஎஸ் மீட்டரும் அப்படித்தான். அது கரைந்திருக்கும் உப்பைத்தான் அளக்கும். கிருமியும் சேறும் அதற்குத் தெரியாது. டேங்க்கைக் கழுவுவதால் அந்த எண் குறையவும் குறையாது. டேங்க் கழுவும் தொழிலுக்கு லைசென்ஸ் கேட்பவரை நான் பார்த்ததில்லை. கொசுப்புழு இருக்கிறதா என்று மூடியைத் திறந்து பார்க்க மட்டும் ஆள் வருகிறார்கள். கழுவியவன் யார், எதைப் போட்டுக் கழுவினான் என்று கேட்க ஆள் இல்லை.

பொதுக் குழாய்களைப் பழுது பார்க்க, முன்கூட்டியே சொல்லிவிட்டு நியாயமான நேரத்தில் வீட்டுக்குள் வர, பெரும்பாலான சங்கங்களின் பைலா இடம் தருகிறது. அதை நான் மறுக்கவில்லை. ஆனால் நோட்டீஸ் இப்படி இருக்க வேண்டும்: "3-ஆம் லைன் வீடுகள் மட்டும். காலை 9 முதல் 9.30 வரை. பாத்ரூம் வால்வை மூட மட்டும். சங்கத்து உறுப்பினர் ஒருவர் கூட வருவார். ஆள் இல்லாத வீடுகளுக்குள் நுழைய மாட்டோம்." இதை அப்படியே செக்ரட்டரிக்கு அனுப்புங்கள்.

ஊருக்குக் கிளம்பும்போது கீசரையும் ஆர்ஓ ஃபில்டரையும் அணைத்து, ஆர்ஓவுக்குப் போகும் சின்னக் குழாயையும் மூடிவிடுங்கள். திரும்பி வந்ததும் மெயின் வால்வை மெதுவாகத் திறந்து, முதலில் பாத்ரூமில் தாழ்வாக இருக்கும் குழாயை, முனையிலுள்ள சல்லடையைக் கழற்றிவிட்டுத் திறந்துவிடுங்கள். முதலில் புஸ் புஸ் என்று காற்று வரும், பயப்பட வேண்டாம். ஒரு வெள்ளை பக்கெட்டில் பிடித்துப் பாருங்கள். இரண்டு மூன்று பக்கெட் கலங்கலாக வந்தால் டாய்லெட்டுக்கு ஊற்றிக்கொள்ளலாம். பிளீச்சிங் பவுடர் வாடை லேசாக இருந்தால் நல்லதுதான், கண் எரிந்தால் செக்ரட்டரியைக் கூப்பிட்டு டேங்க்கை மறுபடி காலி செய்யச் சொல்லுங்கள். பக்கெட்டின் அடி பளிச்சென்று தெரிந்த பிறகு கீசரைப் போடுங்கள், ஆர்ஓவை கடைசியாக.