சோலார் ஹீட்டரில் கரண்ட் காயில்: தெர்மோஸ்டாட் இருந்தாலும் தனி சுவிட்ச் எதற்கு?

கேள்வி: மாடியில் 200 லிட்டர் டியூப் டைப் சோலார் வாட்டர் ஹீட்டர் இருக்கிறது. ஐப்பசி, கார்த்திகையில் காலையில் தண்ணீர் வெதுவெதுப்பாகத்தான் வருகிறது. கரண்ட் காயில் போடலாமா? தெர்மோஸ்டாட்டே வெட்டிவிடும், தனி சுவிட்ச் தேவையில்லை என்கிறார் எலக்ட்ரீஷியன். சரியா?

பதில்: காயில் தாராளமாகப் போடலாம். சுவிட்ச் விஷயத்தில் உங்கள் எலக்ட்ரீஷியன் சொல்வதை நான் ஏற்கமாட்டேன். கோவைப் பக்கம் சோலார் சர்வீஸ் பார்ப்பவன் என்ற முறையில் காரணத்தைச் சொல்கிறேன்.

தெர்மோஸ்டாட்டுக்குத் தண்ணீரின் சூடு மட்டும்தான் தெரியும், மணி தெரியாது. அதை 60 டிகிரியில் வைத்து எப்போதும் ஆனிலேயே விட்டிருக்கிறீர்கள் என்று வையுங்கள். காலை ஏழு மணிக்குள் வீட்டில் எல்லோரும் குளித்து 100 லிட்டர் வெந்நீர் செலவாகிறது. அதே அளவு பச்சைத்தண்ணீர் டேங்கின் அடியில் வந்து சேரும். காயிலும் பெரும்பாலும் கீழ்ப்பாதியில்தான் இருக்கும். உடனே தெர்மோஸ்டாட் அதை ஓட்டிவிடும். 100 லிட்டரை 25 டிகிரியிலிருந்து 60க்கு ஏற்ற சுமார் 4 யூனிட் ஆகும். 2 கிலோவாட் காயிலுக்கு இரண்டு மணி நேர வேலை. ஒன்பது மணிக்கு வெயில் ஏறும்போது டேங்க் ஏற்கெனவே சூடாகி நிற்கும். நல்ல வெயில் நாளிலும் கரண்டில்தான் குளிக்கிறீர்கள், சோலார் சும்மா நிற்கிறது.

சுவிட்ச் கையில் இருந்தால் கணக்கே மாறிவிடும். மூட்டம் போட்ட நாளுக்கு மறுநாள் விடிகாலையில் டேங்க் 35 டிகிரியில் இருக்கிறது என்று கொள்வோம். குளிக்க 45 போதும். 200 லிட்டரைப் பத்து டிகிரி ஏற்ற இரண்டேகால் யூனிட்டுக்குச் சற்று மேல். ஐந்து மணிக்குப் போட்டால் ஆறேகாலுக்குத் தயார். முதல் ஆள் குளிக்கப் போகும் முன் அணைத்துவிடுங்கள். முந்தின நாள் சாயங்காலமே போட வேண்டாம். இரவில் இறங்கும் சூட்டுக்கும் சேர்த்துக் காசு கொடுப்பீர்கள். தெர்மோஸ்டாட்டை 50ல் வைத்தால் போதும். அணைக்க மறந்த நாளில் காப்பாற்றுவதுதான் அதன் வேலை.

சுவிட்ச் கீழே, குளியலறைக்கு வெளியே, கண்ணில் படும் இடத்தில், இண்டிகேட்டர் லைட்டுடன், ஃபேஸ், நியூட்ரல் இரண்டையும் வெட்டும் 20 ஆம்பியர் டிபி சுவிட்சாக இருக்கட்டும். 2 கிலோவாட்டுக்கு ஏறக்குறைய 9 ஆம்பியர் ஓடும். 6 ஆம்பியர் விளக்கு சுவிட்ச் இதற்கு ஆகாது, கருகிப்போகும். போர்டிலிருந்து மாடி வரை 4 ஸ்கொயர் காப்பர் வயர் தனியாக இழுத்து, 16 ஆம்பியர் எம்சிபியும், கரண்ட் கசிந்தால் வெட்டிவிடும் 30 மில்லிஆம்பியர் ஆர்சிசிபியும் வைத்து, எர்த் வயரை டேங்க் பாடிக்கும் காயிலுக்கும் சேர்த்துக் கொடுக்கச் சொல்லுங்கள். இன்வெர்ட்டர் லைனில் மட்டும் கொடுக்கவே கூடாது.

பொருத்துவது பெரிய வேலை இல்லை. பல டேங்குகளில் பக்கவாட்டு மூடியில் காயிலுக்கென்றே டம்மி பிளக் போட்ட ஓட்டை இருக்கும். அது இல்லாத டேங்கைத் துளைத்து வெல்டிங் வைக்க ஒத்துக்கொள்ளாதீர்கள். உள்கோட்டிங் போய்விடும், ஃபோமும் வெந்துவிடும். அப்படிப்பட்ட வீட்டில் குளியலறையில் சின்ன கீசர் வைப்பதே மேல்.

காயிலுக்கு இரண்டு எதிரிகள். ஒன்று போர்வெல் உப்பு. காயில் மேல் படிந்து, சூடேற வழக்கத்தைவிட நேரம் பிடிக்கும், உள்ளே குமுறும் சத்தம் கேட்கும். அப்போதே கழற்றிச் சுத்தம் செய்தால் பிழைக்கும். விட்டால் உறை வெடித்து, போட்டதும் ஆர்சிசிபி விழும். இன்னொன்று தண்ணீர் இல்லாமல் எரிவது. சோலாருக்குப் போகும் பச்சைத்தண்ணீர் பைப்பிலிருந்தே கீழே வேறு குழாய்களும் பிரிந்திருந்தால், மேல்தொட்டி காலியானதும் அந்தக் குழாய்களைத் திறக்கும்போது சோலார் டேங்க் பின்வழியாக வடிந்துவிடும். தனி பைப்பும், தண்ணீரைத் திரும்பி ஓடவிடாத என்ஆர்வி வால்வும் இருந்தால் இந்தப் பயம் இல்லை. மேல்தொட்டியில் தண்ணீர் இருக்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் சுவிட்சைத் தொட வேண்டும்.

கடைசியாக, எனக்கு அடிக்கடி போன் வரும் ஒரு விஷயம். "புதுக் காயில், மழை சீசன் ஆரம்பத்திலேயே வேலை செய்யவில்லை." பல காயில்களில் தெர்மோஸ்டாட்டோடு ஒரு சேஃப்டி கட்அவுட்டும் இருக்கும். 80, 90 டிகிரியில் விழும். கையால் அழுத்தினால்தான் திரும்ப எழும். சித்திரை வெயிலில், ஊருக்குப் போய் யாரும் தண்ணீர் எடுக்காத நாட்களில், சூரியனே டேங்கை அந்தச் சூட்டுக்குக் கொண்டுபோய்விடும். கரண்டே போடாமல் கட்அவுட் விழுந்து கிடக்கும், ஐப்பசி வரை யாருக்கும் தெரியாது. கீழே இண்டிகேட்டர் எரியும், தண்ணீர் மட்டும் சுடாது. காயிலை மாற்றுமுன் எம்சிபியை அணைத்துவிட்டு, மேலே போய்க் காயில் மூடியைத் திறந்து அந்தச் சின்னப் பட்டனை அழுத்திப் பாருங்கள். டக் என்று சத்தம் வந்தால் புதுக் காயில் செலவு மிச்சம்.