ரசம் சாதமும் நான்கு லிட்டர் எண்ணெயும்

கேள்வி: அப்பாவுக்கு வயது 61. ஏழு வாரங்களுக்கு முன் நெஞ்சு வலி வந்து, அடைப்பு இருப்பதைக் கண்டுபிடித்து ஒரு ஸ்டென்ட் வைத்தார்கள். உயரம் 167 செ.மீ., எடை 86 கிலோ. முருகன் கோவில் எட்டு நிமிட நடைதான், அதற்கும் ஆட்டோ. போனாலும் படி ஏறாமல் கீழேயே நின்று கும்பிட்டுவிட்டுத் திரும்புகிறார். நேரில் ஏதாவது சொன்னால் எழுந்து போய்விடுகிறார். அதனால் ஒரு கடிதம் எழுதியிருக்கிறேன்: "அப்பா, தீபாவளிக்குள் நீங்கள் 64 கிலோவுக்கு வந்துவிட வேண்டும். எங்களை நினைத்தாவது வாயைக் கட்டுங்கள். உங்களுக்கு ஏதாவது ஆகிவிட்டால் அம்மாவை யார் பார்ப்பார்கள்?" இதைக் கொடுக்கலாமா? அம்மா, அப்பா, நான் என்று வீட்டில் மூன்று பேர்.
— ஒரு மகள், செட்டா நகர், செம்பூர், மும்பை

பதில்: கொடுக்காதீர்கள். உங்கள் பாசத்தில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் அந்த மூன்று வரிகளில் முதல் வரி நடக்காதது, இரண்டாவது வரி அவர் கையில் முழுதாக இல்லாதது, மூன்றாவது வரி அவர் ஏற்கெனவே தினமும் இரவில் நினைத்துக்கொண்டிருப்பது.

மூன்றாவதிலிருந்து தொடங்குகிறேன், அதுதான் முக்கியம். படிக்கட்டின் கீழே நின்று கும்பிட்டுவிட்டுத் திரும்பும் மனிதரைச் சோம்பேறி என்று நினைத்துவிட்டீர்கள். அவர் பயந்திருக்கிறார். நெஞ்சு வலி வந்து மீண்டவர்களில் பலருக்கு இது உண்டு. கொஞ்சம் மூச்சு வாங்கினாலும், துடிப்பு கொஞ்சம் கூடினாலும், அன்றைக்கு வந்த வலி திரும்ப வருகிறதோ என்று மனம் உறைந்துபோகும். அதனால் மூச்சு வாங்கும் எதையும் தவிர்ப்பார்கள். நடக்காததால் கால் வலுவிழக்கும், அடுத்த முறை இன்னும் சீக்கிரம் மூச்சு வாங்கும், பயம் உறுதிப்படும். கையை அடிக்கடி மார்பில் வைத்துப் பார்க்கிறாரா, மணிக்கட்டில் நாடி பிடித்து எண்ணுகிறாரா, தனியாக வெளியே போகத் தயங்குகிறாரா என்று நான்கு நாள் கவனியுங்கள். இருந்தால், "உங்களுக்கு ஏதாவது ஆகிவிட்டால்" என்ற சொற்கள் அவரை நடக்க வைக்காது, கட்டிலோடு கட்டிப்போடும்.

என் தந்தைக்கு நான் கடிதம்கூட எழுதவில்லை, நேரில் கத்தினேன். ஒரு வாரம் என்னோடு பேசவில்லை. எடையும் குறையவில்லை. அதனால்தான் உங்களிடம் இவ்வளவு கண்டிப்பாகச் சொல்கிறேன்.

இப்போது 64 கிலோ. இந்த எண் உங்களுக்கு எங்கிருந்து கிடைத்தது என்று தெரிகிறது. எடையை மீட்டரில் உள்ள உயரத்தின் வர்க்கத்தால் வகுத்தால் வருவதுதான் பி.எம்.ஐ. அப்பாவுக்கு அது ஏறக்குறைய 31. இந்தியர்களுக்கு 23-க்குக் கீழே இருப்பது நல்லது என்பார்கள். அவர் உயரத்துக்கு அது 64 கிலோ. கணக்கு சரிதான். ஆனால் தீபாவளிக்கு இருக்கும் நான்கு மாதத்தில் 22 கிலோ குறைக்கச் சொல்வது, இதயத்தில் இப்போதுதான் கை வைத்துத் திரும்பிய ஒருவரைப் பட்டினி போடுவது. எடையில் நூற்றுக்கு ஐந்து பங்கு குறைந்தாலே ரத்த அழுத்தமும் சர்க்கரையும் ரத்தத்தில் உள்ள டிரைகிளிசரைடு கொழுப்பும் இறங்கத் தொடங்கும். அப்பாவுக்கு ஐந்து பங்கு என்பது நான்கு கிலோ சொச்சம். ஆறு மாதத்தில் 82 கிலோ என்று வைத்துக்கொள்ளுங்கள். அது கிடைத்த பிறகு அடுத்த நான்கைப் பேசலாம்.

தராசை விட எனக்குத் தையல்காரரின் டேப் மேல் நம்பிக்கை அதிகம். இதயத்துக்குக் கேடு செய்வது முக்கியமாக வயிற்றுக்குள், குடலையும் ஈரலையும் சுற்றிச் சேரும் கொழுப்பு. கடைசி விலா எலும்புக்கும் இடுப்பு எலும்பின் மேல் விளிம்புக்கும் நடுவில், மூச்சை இயல்பாக வெளியே விட்டதும் அளக்க வேண்டும். வேட்டி கட்டும் இடத்தில் அளந்தால் தொப்பைக்குக் கீழே போய்விடும், அளவு பொய்யாகக் குறைந்து தெரியும். இந்திய ஆண்களுக்கு 90 செ.மீ. வரம்பு. மாதம் ஒரு முறை அளந்தால் போதும்.

"வாயைக் கட்டுங்கள்" என்கிறீர்கள். அப்பா என்ன சாப்பிடுகிறார் என்பதில் பாதி அவர் தட்டுக்கு வருவதற்கு முன்பே அடுக்களையில் முடிவாகிவிடுகிறது. உங்கள் வீட்டில் மாதம் எத்தனை லிட்டர் எண்ணெய் வாங்குகிறீர்கள் என்று மளிகைச் சீட்டைப் பாருங்கள். நான்கு லிட்டர் என்று வைத்துக்கொள்வோம். மூன்று பேர், முப்பது நாள். ஆளுக்கு ஒரு நாளைக்கு 44 மில்லி. அதில் மட்டும் ஏறக்குறைய 360 கலோரி. அதை இரண்டு லிட்டராக்கினால் ஒவ்வொருவருக்கும் நாளுக்கு 180 கலோரி குறைகிறது. அப்பாவிடம் ஒரு சொல் சொல்ல வேண்டாம், அவர் தட்டிலிருந்து ஒரு பண்டத்தையும் எடுக்க வேண்டாம். மாதத்தின் முதல் நாள் இரண்டு லிட்டரை அளந்து தனிப் பாத்திரத்தில் ஊற்றி வையுங்கள். பாட்டிலிலிருந்து நேராக வாணலியில் ஊற்றும் பழக்கம் நிற்க வேண்டும், ஸ்பூனால் எடுக்க வேண்டும். இருபதாம் தேதியே தீர்ந்தால் எங்கே போயிற்று என்று தெரிந்துவிடும். பெரும்பாலும் பொரியலில் இருக்காது, அப்பளத்திலும் வடையிலும் இருக்கும். வெளியே சாப்பிடும் வடா பாவ் இந்தக் கணக்கில் வராது என்பதையும் நினைவில் வையுங்கள்.

ஒன்றைக் கட்டாயம் செய்யுங்கள்: இதை முதலில் அம்மாவிடம் தனியாகப் பேசுங்கள். முப்பது வருடம் சமைத்துப் போட்டவர் காதில், அளவைக் குறை என்பது "உன் சாப்பாடுதான் அவருக்கு இப்படிச் செய்தது" என்றுதான் விழும்.

அப்பாவிடம் கேட்பதற்கு ஒன்றே ஒன்றை வைத்துக்கொள்ளுங்கள். நம் வீடுகளில் சாதம் மூன்று முறை தட்டுக்கு வரும்: குழம்புக்கு, ரசத்துக்கு, தயிருக்கு. நடுவில் உள்ள ரசம் சாதத்தை மட்டும் விட்டுவிடலாம். ரசத்தை டம்ளரில் குடிக்கட்டும். குழம்பு சாதமும் தயிர் சாதமும் இருக்கும், சாப்பிட்டு முடித்த நிறைவும் இருக்கும். ஒரு கப் சாதம் ஏறக்குறைய 200 கலோரி. எண்ணெயும் இதுவும் சேர்ந்தால் தாளில் மாதம் ஒன்றரைக் கிலோ வரை குறைய வேண்டும். உண்மையில் அவ்வளவு குறையாது. எடை இறங்க இறங்க உடம்புக்குத் தேவையும் இறங்கும், நடுவில் கல்யாணமும் பண்டிகையும் வரும். அதனால்தான் ஆறு மாதம் என்றேன்.

நடை விஷயம். எவ்வளவு நடக்கலாம், படி ஏறலாமா என்று அடுத்த முறை மருத்துவரிடம் போகும்போது நேராகக் கேட்டு எழுதி வாங்குங்கள். இதயத்தின் பம்ப் செய்யும் திறன் எப்படி இருக்கிறது என்பதையும் கேளுங்கள். அவர் அனுமதித்தால் சமதளத்தில் பத்து நிமிடத்தில் தொடங்கி, வாரம்தோறும் சில நிமிடம் கூட்டி, அரை மணி வரை போகலாம். சாப்பிட்டு ஒரு மணி நேரமாவது ஆகியிருக்க வேண்டும். இது மழைக்காலம், வழுக்கும் நடைபாதை வேண்டாம். மழை பெய்யும் நாளில் கட்டடத்தின் கீழே கார் நிறுத்தும் இடத்தில் நடந்தால் போதும். கைக்கடிகாரத்தில் துடிப்பைப் பார்த்து வேகத்தை முடிவு செய்யாதீர்கள். ஸ்டென்ட் வைத்தவர்கள் பலருக்குத் துடிப்பைக் குறைக்கும் மாத்திரை கொடுத்திருப்பார்கள். வேகமாக நடந்தாலும் எண் அவ்வளவாக ஏறாது. உங்களோடு பேசிக்கொண்டே நடக்க முடிகிறதா என்பதுதான் அளவுகோல். பேச்சு அறுந்தால் வேகம் அதிகம். நெஞ்சில் இறுக்கம், தாடைக்கோ கைக்கோ பரவும் வலி, குளிர்ந்த வியர்வை, தலைசுற்றல் வந்தால் நின்று உட்கார வேண்டும். நாக்கின் கீழ் வைக்கும் மாத்திரை எழுதிக் கொடுத்திருந்தால், நடக்கப் போகும்போது அது எப்போதும் கையோடு இருக்கட்டும், மருத்துவர் சொன்னபடி அப்போது வைத்துக்கொள்ளட்டும். சில நிமிடத்தில் அடங்காவிட்டால் ஆட்டோ தேடாமல் 108-ஐ அழையுங்கள். இதையெல்லாம் அப்பாவுக்கும் சொல்லுங்கள். எது ஆபத்து, எது வெறும் மூச்சு வாங்கல் என்று பிரித்துத் தெரிந்துகொண்டால் பயம் பாதி குறையும்.

தராசு பற்றி ஓர் எச்சரிக்கை. வாரம் ஒரு நாள், காலையில் கழிவறை போய் வந்து, காபிக்கு முன் நிறுத்துப் பாருங்கள். பம்ப் திறன் குறைவு என்று மருத்துவர் சொல்லியிருந்தால் தினமும் பாருங்கள். இரண்டு மூன்று நாளில் இரண்டு கிலோ ஏறி, கணுக்கால் வீங்கி, படுத்தால் மூச்சுத் திணறினால் அது அவர் திருட்டுத்தனமாகச் சாப்பிட்டதால் வந்தது அல்ல, உடம்பில் நீர் சேருகிறது. அன்றே மருத்துவரை அழைக்க வேண்டும். இது தெரியாமல் "என்ன சாப்பிட்டீர்கள்?" என்று அப்பாவைக் குறுக்கு விசாரணை செய்துவிடாதீர்கள். எடை நன்றாக இறங்கினாலும் மாத்திரையை நீங்களாக நிறுத்தவும் கூடாது. குறிப்பாக ஸ்டென்டில் ரத்தம் உறையாமல் இருக்கக் கொடுத்தவை.

இனி கடிதம். சின்னதாக எழுதுங்கள். என் மனதில் உள்ளதை எழுதித் தருகிறேன், உங்கள் சொல்லில் மாற்றிக்கொள்ளுங்கள்.

"அன்புள்ள அப்பா, அன்றைக்கு ஆஸ்பத்திரி வராந்தாவில் நான் மிகவும் பயந்துபோனேன். உங்களுக்கும் பயமாக இருந்திருக்கும். நான் கேட்கவே இல்லை. இனி வீட்டில் எண்ணெயைக் குறைக்கிறோம், மூன்று பேருக்கும் சேர்த்துத்தான். உங்களிடம் ஒன்றுதான் கேட்கிறேன். இரவில் ரசத்தை டம்ளரில் குடியுங்கள், நானும் அப்படியே குடிக்கிறேன். டாக்டரிடம் கேட்டுவிட்டு, சனிக்கிழமை காலை ஆறரைக்கு இரண்டு பேரும் கோவில் வரைக்கும் மெதுவாக நடந்து போவோம். படி ஏறச் சொல்ல மாட்டேன். கீழேயே நின்று கும்பிடுவோம். பிறகு ஒரு நாள் உங்களுக்குத் தோன்றினால், பத்துப் படி ஏறி உட்கார்ந்துவிட்டுத் திரும்பலாம். மாத்திரையை நான் எடுத்துக்கொள்கிறேன், குடையை நீங்கள் எடுத்துக்கொள்ளுங்கள்."