கூரியரில் தொலைந்த பார்சல்: இழப்பீட்டுக் கடிதத்தில் எழுத வேண்டியது

"காரைக்குடியில் கண்டாங்கிச் சேலை வாங்கி, போனில் ஆர்டர் எடுத்து விற்கிறேன். மார்ச் 5ஆம் தேதி கோவை, சென்னை, பெங்களூருக்கு அனுப்பிய மூன்று பார்சல்கள் போய்ச் சேரவில்லை. டிராக்கிங்கில் மதுரையோடு நிற்கிறது. வாடிக்கையாளர்களுக்குப் பணத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டேன். ரசீதில் போட்டபடி பார்சலுக்கு நூறு ரூபாய்தான் தருவோம் என்கிறார்கள். இழப்பீடு கேட்டு எப்படிக் கடிதம் எழுதுவது?"

முதலில் காலண்டரைப் பாருங்கள். சாலை வழியாகச் சரக்கு எடுத்துப் போவதற்கான சட்டம் 2007இல் வந்தது. வீடு தேடிப் பொருள் கொண்டு சேர்க்கும் கூரியர் நிறுவனங்களும் அதில் அடங்கும் என்று அந்தச் சட்டமே சொல்கிறது. அதன் 16ஆம் பிரிவுப்படி, பொருள் தொலைந்ததை நிறுவனத்துக்கு எழுத்தில் தெரிவிக்காமல் வழக்குப் போட முடியாது. புக் செய்த நாளிலிருந்து 180 நாளுக்குள் அப்படித் தெரிவித்திருக்க வேண்டும். பார்சல் தொலைந்தது எப்போது தெரிய வந்தது, நிறுவனம் எப்போது கைவிரித்தது என்பதெல்லாம் கணக்கில் வராது. மார்ச் 5இல் புக் செய்த உங்களுக்கு 180ஆவது நாள் செப்டம்பர் 1. "தேடிக்கிட்டு இருக்கோம், அடுத்த வாரம் சொல்றோம்" என்ற பதிலை நம்பியே இந்தக் கெடுவைத் தவறவிடுகிறவர்கள் பலர்.

சில ரசீதுகளின் பின்பக்கத்தில் 30 நாளுக்குள் கோர வேண்டும் என்றும் அச்சிட்டிருப்பார்கள். அந்த வரியை எதிர்த்து வாதிட இடம் உண்டு. ஆனாலும் அந்த வாதமே வராதபடி முந்திக்கொள்வது நல்லது. அதனால் கடிதம் இந்த வாரமே போகட்டும். புக்கிங் ஆபீஸ் பெரும்பாலும் பிரான்சைஸ்தான். அங்கே ஒரு நகலைக் கொடுத்து முத்திரை வாங்கிக்கொள்ளுங்கள். அசல் கடிதத்தை நிறுவனத்தின் பதிவு அலுவலக முகவரிக்கு, போய்ச் சேர்ந்ததற்கான அத்தாட்சி கிடைக்கும்படி தபாலில் அனுப்புங்கள். மெயிலும் போடுங்கள், ஆனால் மெயிலோடு நிறுத்திவிட வேண்டாம்.

அடுத்தது தொகை. நீங்கள் அனுப்பிய பில்களின்படி கோவைக்கு 1,850 ரூபாய்ச் சேலை ஒன்று, கட்டணம் 120. சென்னைக்கு இரண்டு சேலை 3,900, கட்டணம் 180. பெங்களூருக்கு 2,100, கட்டணம் 120. ஆக, சேலை 7,850, கட்டணம் 420, மொத்தம் 8,270 ரூபாய். இதைத்தான் கேட்க வேண்டும். திருப்பிக் கொடுத்த பணத்தைத் தனியாகச் சேர்க்காதீர்கள். சேலையின் விலையும் அந்தப் பணமும் ஒரே இழப்பு, இரண்டு முறை எழுதினால் முழுக் கணக்கையும் சந்தேகப்படுவார்கள். "வாடிக்கையாளர்கள் போய்விட்டார்கள், பண்டிகை ஆர்டர் நின்றது" என்பதற்கும் ரூபாய் போட வேண்டாம். அந்த வருத்தம் உண்மைதான், ஆனால் இந்தக் கடிதத்தில் அதை நிரூபிக்க வழியில்லை.

8,270 முழுதாகக் கிடைக்குமா? இங்கே ஒரு வரம்பு இருக்கிறது. கூடுதல் கட்டணம் கட்டி முழு ரிஸ்க்கையும் கூரியர் மேல் ஏற்றியிருந்தால் தவிர, அவர்களின் பொறுப்பு கட்டணத்தைப் போல் பத்து மடங்குதான் என்று சட்டத்தின் கீழ் வந்த 2011 விதிகள் சொல்கின்றன. ரசீதில் எழுதிய பொருள் மதிப்பையும் அது தாண்டாது. உங்கள் கணக்கில் அது 1,200, 1,800, 1,200, ஆக 4,200 ரூபாய். அவர்கள் தருவதாகச் சொல்வது 300. கடிதத்தில் 8,270 கேளுங்கள். எந்த வகையிலும் 4,200க்குக் குறையக்கூடாது என்றும் எழுதுங்கள். இந்த இரண்டாவது எண்ணைப் பார்த்தாலே, சட்டம் தெரிந்து எழுதிய கடிதம் என்று அவர்களுக்குப் புரிந்துவிடும்.

நூறு ரூபாய் வரியை ஒரேயடியாக ஒதுக்கவும் முடியாது. பாரதி நிட்டிங் கம்பெனி வழக்கில் 1996இல் உச்ச நீதிமன்றம், அனுப்பியவர் கையெழுத்திட்ட ரசீதில் உள்ள உச்சவரம்பு அவரைக் கட்டுப்படுத்தும் என்று தீர்ப்பளித்தது. அது 2007 சட்டத்துக்கு முந்தைய தீர்ப்பு என்றாலும் அதை இன்றும் காட்டுவார்கள். அதனால் உங்களிடம் உள்ள ரசீதுகளை எடுத்துப் பாருங்கள். அவற்றில் உங்கள் கையெழுத்து இல்லையென்றால், நிபந்தனைகளை யாரும் காட்டவில்லை என்றால், அதைக் கடிதத்திலேயே சொல்லுங்கள். கையெழுத்து இருந்தால் அதைப் பற்றிப் பேசாமல் பத்து மடங்கு விதியைப் பிடித்துக்கொள்ளுங்கள்.

பெங்களூர் ரசீதில் மதிப்புக் கட்டம் காலியாக இருக்கிறது. மூன்றில் பலவீனமானது இதுதான். அந்தப் பார்சலுக்கு உங்கள் பில்லோடு, வாடிக்கையாளர் பணம் போட்ட யுபிஐ பதிவு, சேலையின் படம் போன அரட்டை, திருப்பிக் கொடுத்த பதிவு மூன்றையும் தேதியோடு இணையுங்கள். மூன்று வாடிக்கையாளர்களிடமும் "பார்சல் வரவில்லை, பணம் திரும்ப வந்துவிட்டது" என்று ஒரு வரி எழுதி வாங்கிவிடுங்கள். பொருள் வாங்கியவருக்குச் சொந்தம், நீங்கள் எப்படிக் கேட்கலாம் என்ற கேள்விக்கு அந்த வரியே பதில்.

கடிதம் இந்த அளவில் இருந்தால் போதும்:

பொருள்: 5 மார்ச் அன்று காரைக்குடியில் புக் செய்த மூன்று பார்சல்கள் தொலைந்தது. சாலைவழிச் சரக்குச் சட்டம் 2007, பிரிவு 16இன்படி அறிவிப்பும் இழப்பீட்டுக் கோரிக்கையும்.

ஐயா, கீழ்க்கண்ட டாக்கெட் எண்கள் கொண்ட மூன்று பார்சல்களை மேற்படி தேதியில் உங்கள் காரைக்குடி அலுவலகத்தில் ஒப்படைத்தேன். மூன்றும் மதுரைக்குப் பின் நகர்ந்ததாகப் பதிவு இல்லை, பெறுநருக்கும் கிடைக்கவில்லை. ஒவ்வொன்றின் பொருள், மதிப்பு, கட்டணம் இணைப்பில் உள்ளது. மொத்த இழப்பு ரூ.8,270. எப்படிப் பார்த்தாலும் விதிகளின்படியான பத்து மடங்குக் கட்டணம் ரூ.4,200க்குக் குறைவான தொகையை ஏற்க மாட்டேன். பார்சல்கள் கிடைக்கவில்லை என்பதை எழுத்தில் உறுதிசெய்து, 15 நாளுக்குள் தொகையை என் வங்கிக் கணக்கில் செலுத்தவும். இது நான் தனியாகச் செய்யும், என் பிழைப்புக்கான சுயதொழில்.

கடைசி வரியை விட்டுவிடாதீர்கள். நுகர்வோர் ஆணையத்துக்குப் போனால் "இது வியாபாரம், நுகர்வோர் இல்லை" என்பதுதான் அவர்கள் முதலில் எழுப்பும் ஆட்சேபம். வாழ்வாதாரத்துக்கான சுயதொழில் என்பதே அதற்கு நீங்கள் வைக்கும் பதில், அது முதல் கடிதத்திலிருந்தே இருக்கட்டும். அவர்களின் கவனக்குறைவை விவரித்துக் கோபமாக எழுத வேண்டிய தேவையும் இல்லை. தொலைந்த பொருளுக்கு வழக்குப் போடுபவர் கவனக்குறைவை நிரூபிக்க வேண்டியதில்லை என்று அந்த 2007 சட்டமே சொல்கிறது.

15 நாள் கழித்தும் பதில் இல்லையென்றால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915இல் புகார் பதியுங்கள். அப்புறம் சிவகங்கை மாவட்ட நுகர்வோர் ஆணையம். ரசீதில் வேறு ஊர் நீதிமன்றம் என்று அச்சிட்டிருந்தாலும், 2019 நுகர்வோர் சட்டப்படி நீங்கள் வசிக்கும் மாவட்டத்திலேயே மனு போடலாம். இந்தத் தொகைக்குக் கட்டணமும் கிடையாது.

இடையில் அவர்கள் ஒரு சிறு தொகையும் "முழுமையான, இறுதித் தீர்வாகப் பெற்றுக்கொண்டேன்" என்ற ஒரு தாளும் அனுப்பக்கூடும். தொகை உங்களுக்குச் சம்மதமாக இருந்தால் மட்டும் அதில் கையெழுத்துப் போடுங்கள். இல்லையென்றால் தாளைக் கையெழுத்திடாமல் திருப்பி அனுப்பி, மீதித் தொகை எவ்வளவு பாக்கி என்று ஒரு வரி எழுதி அதன் நகலை வைத்துக்கொள்ளுங்கள்.