தீபாவளி சேல்ஸை மாசக் கணக்குல போட்டா ஏன் தப்பா வருது?

கேள்வி: சார், விருதுநகர் பக்கம் ஜவுளிக்கடை வச்சிருக்கேன். 2023, 24, 25 மூணு வருஷ மாசாந்திர சேல்ஸ் கையில இருக்கு. சீசனல் இண்டெக்ஸ் போட்டு இந்த 2026 தீபாவளிக்கு எவ்வளவு ஓடும்னு பார்த்தா அக்டோபர் 28 லட்சம், நவம்பர் 15 லட்சம்னு வருது. எனக்கு நம்பிக்கை வரல. எங்க தப்பு பண்றேன்?

பதில்: கணக்குல தப்பு இல்லைங்க, காலண்டர்ல தான் இருக்கு. நீங்க அனுப்புன ஷீட்ட பார்த்தேன். வருஷ சராசரி மாசத்துக்கு 10, 11, 12 லட்சம்னு ஏறிருக்கு, அடுத்து 13 வச்சிருக்கீங்க, அது நியாயம்தான். ஒவ்வொரு மாசத்தையும் அந்தந்த வருஷ சராசரியால வகுத்து மூணு வருஷத்துக்கும் ஆவரேஜ் எடுத்திருக்கீங்க, முறையும் சரி. ஆனா அக்டோபர் வரிசைய மட்டும் தனியா பாருங்க: 1.3, 2.8, 2.5. நவம்பர்: 2.1, 0.7, 0.7. ஒரே மாசம் ஒரு வருஷம் சராசரியில ரெண்டு மடங்கு, மறுவருஷம் முக்கால்வாசிகூட இல்ல, இப்படி துள்ளுச்சுன்னா அது அந்த மாசத்தோட குணம் இல்ல, தீபாவளி இடம் மாறுனது. 2023ல நவம்பர் 12, 2024ல அக்டோபர் 31, 2025ல அக்டோபர் 20. இதுல ஆவரேஜ் போட்டு அக்டோபருக்கு 2.2, நவம்பருக்கு 1.17னு எடுத்தா அப்படி ஒரு வருஷம் நடந்ததே இல்ல, நடக்கவும் நடக்காது.

அதே சமயம் செப்டம்பர், அக்டோபர், நவம்பர் மூணையும் கூட்டிப் பாருங்க. 4.2, 4.3, 4.2. அசையவே இல்ல பாருங்க! அதாவது உங்க ஜனம் தீபாவளிக்கு செலவு பண்றது மாறல, எந்தப் பக்கத்துல விழுதுங்கறது தான் மாறுது. எக்ஸெல்ல இருக்கிற FORECAST.ETS போட்டாலும் இதே கதைதான், அதுக்கு 12 மாசச் சுழற்சி தெரியும், அமாவாசை தெரியாது. பொங்கலுக்கு இந்த வம்பு கிடையாது, ஜனவரி 14, 15ஐ தாண்டாது, அதனால ஜனவரிக்கு உங்க மாச இண்டெக்ஸ அப்படியே வச்சுக்கலாம். ரம்ஜான் வியாபாரம் உங்களுக்கு கணிசமா இருந்தா அதையும் தனியா பிரிக்கணும், 2023ல ஏப்ரல் 22, 2025ல மார்ச் 31ன்னு அது வருஷா வருஷம் 11 நாள் போல முன்னாடி வந்துக்கிட்டே இருக்கும்.

இப்ப வழி என்னன்னா, சீசன மாசத்துல அளக்காம தீபாவளியில இருந்து பின்னோக்கி வாரம் வாரமா அளக்கணும். பில்லிங் சாப்ட்வேர்ல இருந்து நாள்வாரி சேல்ஸ் எடுங்க. வரி சேர்க்காத தொகைய எடுங்க, இது முக்கியம், ஏன்னா 2025 செப்டம்பர் 22ல இருந்து துணிக்கான ஜிஎஸ்டி ஸ்லாப் மாறிருச்சு, வரியோட சேர்த்து எடுத்தா அந்த வருஷ தீபாவளிய மத்ததோட ஒப்பிட முடியாது. A காலம்ல தேதி, B காலம்ல தொகை, E2ல அந்த வருஷ தீபாவளி தேதி போட்டீங்கன்னா கடைசி ஏழு நாள் இப்படி வரும்:

```
=SUMIFS(B:B,A:A,">="&E2-6,A:A,"<="&E2)
```

அதுக்கு முந்தின வாரத்துக்கு E2-13ல இருந்து E2-7 வரைக்கும், இப்படியே நாலு வாரம். நீங்க அனுப்புனது மாசக் கணக்கு தான், அதனால உதாரணத்துக்கு அந்த 28 நாள்ல மட்டும் சுமார் 2.7 மாச வியாபாரம் நடந்திருக்குன்னு வச்சுக்குவோம். அதுல கடைசி வாரம் 45 சதவீதம், அதுக்கு முந்தினது 27, அதுக்கு முன்னாடி 17, முதல் வாரம் 11. உங்க நாள்வாரி சேல்ஸ்ல இந்த இடத்துல வர்ற எண்கள் தான் உங்களோட உண்மையான தீபாவளி இண்டெக்ஸ்.

இப்ப இதே உதாரண எண்ண வச்சு 2026க்கு வருவோம், தீபாவளி நவம்பர் 8. 13 லட்சத்தை 2.7ஆல பெருக்குனா சீசனுக்கு 35 லட்சம், அது அக்டோபர் 12ல இருந்து நவம்பர் 8 வரைக்கும். முதல் ரெண்டு வாரம், அதாவது அக்டோபர் 25 வரைக்கும், ஏறக்குறைய 10 லட்சம். அடுத்த வாரம் 9.5, ஆனா அதுல ஒரு நாள் நவம்பர் 1ல விழுது, ஞாயித்துக்கிழமை வேற, சம்பளமும் கையில வந்திருக்கும், அதனால அந்த ஒரு நாளுக்கு மட்டும் நான் 2 லட்சம் ஒதுக்குவேன். அக்டோபர் 1ல இருந்து 11 வரைக்கும் சாதாரண நாள், தினம் 35 ஆயிரம்னு வச்சா 3.8. ஆக அக்டோபர் 21 லட்சம் சொச்சம். நவம்பருக்கு அந்த 2 லட்சம், கடைசி வாரம் 15.8, தீபாவளி முடிஞ்ச பிறகு 22 நாள் காத்தாடுறதுக்கு ஒரு 6.7, மொத்தம் 24.5. நீங்க போட்டிருந்தது 28ம் 15ம்.

மொத்தத்துல பெரிய வித்தியாசம் இல்லையே, சரக்கு எப்படியும் முன்னாடியே தானே வாங்குறோம்னு கேக்கலாம். பிரச்சனை அங்க இல்ல. அக்டோபர் 31 ராத்திரி கணக்கு பார்க்குறீங்க, 28 வரணும், 21 தான் வந்திருக்கு, இந்த வருஷம் சீசன் படுத்துருச்சுன்னு பயந்து டிஸ்கவுண்ட் போர்டு மாட்டுவீங்க, எப்படியும் வாங்கப்போற ஆளுக்கே விலையக் குறைச்சுக் கொடுப்பீங்க. இத நான் பண்ணிருக்கேன், அதான் சொல்றேன். தீபாவளி நவம்பர்ல வந்த வருஷம், ஒரு கடைக்கு சரக்கு பிளான் பார்த்துக்கிட்டிருந்தப்போ, கடைசி வாரத்துக்கு முன்னாடியே 15 சதவீத தள்ளுபடி போட வச்சேன். கடைசி நாலு நாள் கூட்டத்துல பில் போட ஆள் பத்தல, லாபம் மட்டும் போச்சு.

மூணு வருஷத்தையும் சமமா பாக்க வேணாம். 2023லயும் தீபாவளி ஞாயிறுதான், நவம்பர் ரெண்டாவது வாரத்துக்குள்ள, சம்பளத்துக்கு அப்புறம். 2026க்கு அதுதான் கூடப்பொறந்த அண்ணன். 2025ல அக்டோபர் 20ங்கறதால ஜனம் போனஸ நம்பி கொஞ்சம் முன்கூட்டியே வாங்கிருக்கும். அதனால மொத்த அளவுக்கு மூணு வருஷ சராசரி, வாரப் பங்குக்கு மட்டும் 2023க்கு ரெட்டை வெயிட் கொடுங்க. தீபாவளி அன்னிக்கு கடையில வியாபாரம் இருக்காது, நிஜ உச்சம் 7ந்தேதி சனிக்கிழமை, ஆள் போடுறப்போ அத மறந்துடாதீங்க.

இதுல தெரியாம போறது ஒண்ணு இருக்கு, ஸ்டாக் தீர்ந்து போனது. கடைசி மூணு நாள்ல குழந்தைங்க சைஸ் இல்லைன்னு திருப்பி அனுப்பிருந்தா, பில்லுல வந்தது நீங்க வித்தது மட்டும்தான், கேட்டது இல்ல. கடைசி வாரப் பங்கு ஒரு வருஷம் மட்டும் கம்மியா இருந்தா முதல்ல இத சந்தேகப்படுங்க, அடுத்து மழைய. நம்ம ஊர்ல வடகிழக்கு பருவமழை சரியா இந்த நேரத்துல தான் வந்து நிக்கும். மழைன்னா ஒரு நாள் அடி வாங்கி மறுநாள் ஏறிருக்கும், ஸ்டாக் இல்லைன்னா ஏறாது, நாள்வாரி பார்த்தா கண்டுபிடிச்சிடலாம்.

இன்னொண்ணு, அக்டோபர் 25 ராத்திரி ஒரு தடவை செக் பண்ணுங்க. அதுவரைக்கும் சீசன்ல 28 சதவீதம், அதாவது 9.8 லட்சம் வந்திருக்கணும். 8.8 தான் வந்திருக்குன்னா நேரா வகுத்தா மொத்தம் 31.4ன்னு காட்டும், உடனே அங்க இறங்கிடாதீங்க, சம்பளம் இன்னும் வரல. 35க்கும் 31.4க்கும் நடுவுல 33னு வச்சு மீதி ஆர்டர மட்டும் கொஞ்சம் குறைங்க. நவம்பர் 1 ஞாயிறு முடிஞ்சு மறுபடி பாருங்க, அப்ப வர்ற எண்ண நம்பலாம்.